யாருடைய வருமானம்?

எழுபது வயதை நெருங்கும் என் நண்பர் ஒருவர் தென் மாவட்டம் ஒன்றில் வாழ்கிறார். நாற்பது ஆண்டுகள் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவர். அந்த வேலைக்கு இடையே, புனைபெயரில் பதினொரு நூல்களை எழுதியிருக்கிறார். வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டிய இரண்டு சிறு தொகுப்புகளும் அவற்றில் அடக்கம். அச்சகங்கள் கணினிக்கு மாறிய பிறகு அவருடைய வேலை குறைந்தது; இப்போது மாதம் மூவாயிரம் ரூபாய் அளவுக்கே கிடைக்கிறது. 2024ஆம் ஆண்டில் தமிழ் வளர்ச்சித் துறையின் அகவை முதிர்ந்த தமிழறிஞர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவரிடம் சொன்னவன் நான். விண்ணப்பத்தைத் தயார் செய்யவும் உடனிருந்தேன். பொருளியல் கற்பித்துக் காலம் கழித்த எனக்கு, ஓர் உதவித் திட்டத்தின் பலன் அதன் தொகையைவிட அதன் அளவுகோலையே நம்பியிருக்கிறது என்பது ஏட்டளவில் தெரியும். அந்த ஆண்டில்தான் அதை நேரில் கண்டேன்.

முதலில் இருக்கும் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். முதிய படைப்பாளிகளுக்கு மாத உதவி தரும் அரசுத் திட்டங்கள் நம் மாநிலத்தில் முதன்மையாக இரண்டு. நாடகம், இசை, கூத்து போன்ற நிகழ்கலைகளில் வாழ்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம், நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கான நிதியுதவியை வழங்குகிறது. 2021இல் இது மாதம் ரூ.3,000 ஆக உயர்த்தப்பட்டது. எழுத்து, ஆய்வு, தமிழ்ப்பணி ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்குத் தமிழ் வளர்ச்சித் துறையின் திட்டம் உண்டு. இரண்டிலும் வயதுத் தகுதி 58. இவை தவிர, மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் மூத்த கலைஞர்களுக்கென ஒரு திட்டத்தை நடத்துகிறது. அதற்கு 60 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் ரூ.72,000-ஐத் தாண்டக்கூடாது, உதவி மாதம் ரூ.6,000 வரை. மாநில அரசின் கலைஞர் உதவித்தொகையை ஏற்கெனவே பெறுபவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஆகவே மத்திய அரசின் கதவுக்குப் போகும் வழியும் மாநிலத்தின் வாசலைத் தாண்டியே செல்கிறது.

தமிழ் வளர்ச்சித் துறையின் திட்டத்தில் நண்பர் விண்ணப்பித்த ஆண்டில் மாதம் ரூ.3,500 உதவித்தொகையும் ரூ.500 மருத்துவப்படியும் தரப்பட்டன. தொகை அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிப்பவர்கள் அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் ஜனவரி முதல் நாளன்று 58 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். ஆண்டு வருவாய் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தை மாவட்டத் தமிழ் வளர்ச்சித் துணை இயக்குநர் அல்லது உதவி இயக்குநர் அலுவலகத்தில் கட்டணமின்றிப் பெறலாம். துறையின் இணையதளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அதனுடன் ஆதார், குடும்ப அட்டை, வயதுச் சான்று, வட்டாட்சியர் தரும் வருமானச் சான்று, தமிழ்ப்பணி ஆற்றியதற்கான ஆதாரங்கள், இரண்டு தமிழறிஞர்களிடம் பெற்ற தகுதிநிலைச் சான்று ஆகியவற்றை இணைக்க வேண்டும். மனைவியோ கணவரோ இருந்தால் அவருடைய ஆதாரும் வேண்டும். இவ்வளவுதான் பட்டியல். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. நூல்களின் அட்டையில் புனைபெயர். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பெற்றோர் வைத்த பெயர். இருவரும் ஒருவரே என்பதை எந்தத் தாளும் சொல்லவில்லை. பதிப்பகங்களில் இரண்டு மூடப்பட்டுவிட்டன. இயங்கிக்கொண்டிருந்த ஒரு பதிப்பகத்தின் உரிமையாளர், இன்ன புனைபெயரில் இன்னின்ன நூல்களை எழுதியவர் இன்னார்தான் என்று தம் முகவரித்தாளில் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பழைய நூல் ஒன்றின் உரிமைப் பக்கத்தில் இயற்பெயர் அச்சாகியிருந்ததும் கைகொடுத்தது. தகுதிநிலைச் சான்று தந்த தமிழறிஞர்கள் இருவரும் இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் குறிப்பிட்டார்கள். புனைபெயரில் எழுதுபவர்கள் இந்தக் கடிதத்தைப் பதிப்பாளர் உயிரோடிருக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

கூத்துக் கலைஞர்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்களிடம் இருப்பவை திருவிழா அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும்தான். அவற்றில் குழுவின் பெயர் இருக்கும். முகவீணை வாசித்தவரின் பெயர் இராது. தமிழ் மாதமும் நாளும் இருக்கும், ஆண்டு இராது. முப்பது ஆண்டுகள் ஆடியவரிடம் முப்பது ஆண்டுகளைக் காட்டும் தாள் இருப்பதில்லை. ஆனாலும் இந்தச் சிக்கலுக்கு உழைப்பால் தீர்வு காண முடியும். குழுத் தலைவரின் கடிதம், கோயில் நிர்வாகத்தின் சான்று, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் அட்டை என்று ஏதேனும் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடலாம். உழைப்பால் தீராதது இரண்டாவது சிக்கல். அதுதான் வருமானச் சான்று.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கிறோம். கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கிறார். வருவாய் ஆய்வாளர் பரிந்துரைக்கிறார். வட்டாட்சியர் அலுவலகம் ஒப்புதல் அளிக்கிறது. முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. நண்பரின் வீட்டுக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் மரியாதையாகவே பேசினார். குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் ஐந்து பெயர்கள்: நண்பர், அவர் மனைவி, மகன், மருமகள், பேத்தி. மகனுக்கு என்ன வேலை என்று கேட்டார். தனியார் நிறுவனத்தில், மாதம் பதின்மூன்றாயிரம் என்று நண்பர் உள்ளதைச் சொன்னார். சில நாள்களில் சான்று வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,92,000. தகுதி வரம்பைவிட எழுபத்திரண்டாயிரம் ரூபாய் அதிகம்.

கணக்கு சரியானதுதான். மகனின் பதின்மூன்றாயிரமும் தந்தையின் மூவாயிரமும் சேர்ந்து மாதம் பதினாறாயிரம்; பன்னிரண்டால் பெருக்கினால் அந்தத் தொகை. எந்த அலுவலரும் தவறு செய்யவில்லை. தவறு, கேள்விக்கும் விடைக்கும் இடையில் இருக்கிறது. உதவித்தொகை கேட்பது ஒரு முதியவர். அவருடைய வருவாய் என்ன என்பதே கேள்வி. விடையாக வருவதோ ஒரு குடும்பத்தின் வருமானம். நம் வருவாய்த் துறையின் வருமானச் சான்று பெரும்பாலும் மாணவர்களின் கல்வி உதவித்தொகைக்கும் கட்டணச் சலுகைக்கும் பயன்படுவது. பதினெட்டு வயது மாணவருக்குச் சொந்த வருமானம் இல்லை. அவர் சார்ந்திருக்கும் குடும்பத்தின் வருமானத்தைப் பார்ப்பது அங்கே முறையானது. அதே அளவுகோலை அறுபத்தேழு வயது எழுத்தாளருக்கு வைக்கும்போது அவர் மகனின் வருமானத்தால் அளக்கப்படுகிறார். அந்த வருமானத்தில் அவருக்குச் சட்டப்படி ஒரு பங்கு உண்டு என்று வாதிடலாம். அந்த வாதத்துக்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு சிறு ஒப்பீடு. நண்பரின் வீட்டில் மாதம் பதினாறாயிரத்தில் ஐந்து பேர் வாழ்கிறார்கள்; ஒருவருக்கு ரூ.3,200. இப்போது இன்னொரு முதிய எழுத்தாளரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வெளியூரில் தனிக் குடும்பமாக இருக்கிறார்கள். இங்கே அவரும் மனைவியும் மட்டும். வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டும் சிறு வேலைகள் செய்தும் மாதம் ரூ.9,500 வருகிறது. ஆண்டுக்கு ரூ.1,14,000, வரம்புக்குள் அடங்குகிறது, அவர் தகுதியுடையவர். ஆனால் அங்கே ஒருவருக்கு ரூ.4,750. தலைக்கு ரூ.4,750 உள்ளவரை உள்ளே விட்டு, ரூ.3,200 உள்ளவரை வெளியே நிறுத்துகிறது நம் அளவுகோல். ஏழையைத் தேடிப் புறப்பட்ட கருவி, கூடுதல் ஏழையைத் தவறவிடுகிறது. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்காமல் மொத்தத் தொகையை மட்டும் வரம்பாக வைக்கும் எந்த அளவுகோலுக்கும் இந்தக் குறை உண்டு. கூட்டுக் குடும்பமாக வாழும் முதியவர்களையே அது மிகுதியும் தாக்கும்.

சான்று கைக்கு வந்த அன்று ஒருவர் நண்பருக்கு வழி சொன்னார். மகனுக்குத் தனிக் குடும்ப அட்டை வாங்கிவிட்டால், அப்பா அம்மா இருவர் மட்டும் பழைய அட்டையில் இருப்பார்கள். வருமானம் ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம் என்று சான்று வரும். பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். தனி அட்டைக்குத் தனிச் சமையல் இருக்க வேண்டும். அலுவலர் வந்து பார்ப்பார். பின்கட்டில் ஓர் அடுப்பை வைத்துக் காட்டினால் போதுமாம். நண்பர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார். இரவு என்னிடம் தொலைபேசியில் சொன்னார்: ‘சார், மருமகள் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறேன். பேத்தி கொண்டுவந்து வைக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன். தனி அடுப்பு என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவன் நான். இந்தப் பிழையை நானே எழுதச் சொல்கிறார்களே.’

அவர் அந்த ஆண்டு விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. அவர் செய்தது சரியா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அடுப்பை வைத்துக் காட்டியவர்களையும் குறை கூற மாட்டேன். அந்த ஆண்டில் மாதம் நாலாயிரம் ரூபாய் அவர்களுடைய மருந்துக்கும் உணவுக்கும் போனது. நான் கவலைப்படுவது அளவுகோலைப் பற்றித்தான். உண்மையைச் சொல்பவர் இழக்க, தாளில் குடும்பத்தைப் பிரித்துக் காட்டுபவர் பெறுகிறார் என்றால், அந்த விதி வறுமையை அளக்கவில்லை. பொய் சொல்லும் துணிவை அளக்கிறது.

இனி, சட்டப்படியான பங்கு என்ற வாதம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 பிள்ளைகளுக்குப் பராமரிப்புக் கடமையை விதிக்கிறது. அப்படியிருக்க, மகனின் வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் பராமரிப்புக் கடமை என்பது மகனின் முழு வருமானமும் தந்தையுடையது என்று பொருள்படாது. அந்தச் சட்டத்தின் கீழ்த் தீர்ப்பாயம் பராமரிப்புத் தொகையை முடிவு செய்யும்போதுகூட, பிள்ளைகளின் வசதியையும் பெற்றோரின் தேவையையும் எடைபோட்டு ஒரு பகுதியைத்தான் நிர்ணயிக்கிறது. வருமானச் சான்றோ பதின்மூன்றாயிரத்தையும் அப்படியே தந்தையின் கணக்கில் ஏற்றிவிடுகிறது. மருமகளின் செலவும் பேத்தியின் பள்ளிக் கட்டணமும் அதிலிருந்துதான் போகின்றன என்பதை அது அறியாது. மேலும், வயதான படைப்பாளிக்குத் தரப்படும் இந்த உதவி வறுமை நிவாரணம் மட்டும் அன்று. அவர் செய்த பணிக்கு அரசு அளிக்கும் ஏற்பும்கூட. அதனால்தான் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து வேறாக, தமிழ்ப்பணிக்கான ஆதாரமும் தமிழறிஞர் சான்றும் இங்கே கேட்கப்படுகின்றன. பணியை அவர் பெயரில் அளந்துவிட்டு, வருமானத்தை மட்டும் மகன் பெயரில் அளப்பது பொருந்தவில்லை.

இதற்கு மாற்றுவழியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் கலைஞர் ஓய்வூதிய விதிகளில், விண்ணப்பிப்பவரின் சொந்த வருமானத்தோடு அவருடைய வாழ்க்கைத் துணையின் வருமானத்தைச் சேர்த்துப் பார்ப்பதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. கணவன், மனைவி இருவரின் வருமானம். அதற்கு மேல் இல்லை. நம் மாநிலத் திட்டங்களும் இதையே எழுத்தில் சொல்லிவிடலாம். விண்ணப்பத்தோடு இணைக்கும் சான்றில் ‘விண்ணப்பதாரர், அவருடைய துணை ஆகிய இருவரின் ஆண்டு வருவாய்’ என்று குறிப்பிடுமாறு வருவாய்த் துறைக்கு ஒரு தெளிவுரை அனுப்பினால் போதும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். புதிய அலுவலகமும் வேண்டாம். என் நண்பரின் சான்றில் அப்போது ரூ.36,000 என்று வந்திருக்கும். பின்கட்டில் அடுப்பு வைக்க வேண்டியிருந்திராது.

இரண்டாவது திருத்தம் வரம்பின் வடிவத்தில் வேண்டும். நண்பர் விண்ணப்பித்த ஆண்டின் விதியில் ஆண்டு வருவாய் ரூ.1,19,000 உள்ளவர், நாலாயிரம் வீதம் ஆண்டுக்கு நாற்பத்தெட்டாயிரம் பெற்று, ரூ.1,67,000 என்ற நிலையை அடைகிறார். ரூ.1,21,000 உள்ளவருக்கு ஒன்றுமில்லை, அவர் ரூ.1,21,000-த்திலேயே நிற்கிறார். இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக ஈட்டியவர் முடிவில் நாற்பத்தாறாயிரம் பின்தங்கிவிடுகிறார். செங்குத்தான மேட்டின் விளிம்பு போன்றது இது. ஓரடி தப்பினால் அடிவாரம். விளிம்புக்கு அருகில் நிற்பவர் ஒவ்வொருவருக்கும் வருமானத்தைக் குறைத்துச் சொல்லத் தூண்டுதல் இருக்கும். விளிம்பைச் சரிவாக்கிவிட்டால் தூண்டுதல் குறையும். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் உதவியில் ஐம்பது காசு குறைப்பது என்று வைத்துக்கொள்வோம். ரூ.1,21,000 உள்ளவருக்கு ஐந்நூறு ரூபாய் மட்டும் குறைந்து, ஆண்டுக்கு ரூ.47,500 கிடைக்கும். வரம்பைவிட ரூ.96,000 அதிகம் ஈட்டுபவருக்குத்தான் உதவி முற்றிலும் நிற்கும். இந்த நுணுக்கம் கடினமென்றால் முழு உதவி, அரை உதவி என்று இரண்டு படிகளாவது வைக்கலாம்.

செலவு கூடாதா என்ற கேள்வி எழும். கூடும், ஆனால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இத்திட்டத்தில் அண்மை ஆண்டுகளில் ஓர் ஆண்டுக்கு நூறு பேர் என்ற அளவில் தேர்வு நடந்துவந்திருக்கிறது. நண்பர் விண்ணப்பித்த ஆண்டின் தொகையான மாதம் நாலாயிரம் வீதம் நூறு பேருக்கு ஓர் ஆண்டுச் செலவு நாற்பத்தெட்டு லட்சம் ரூபாய். அளவுகோலைச் சீராக்கி ஆண்டுக்கு மேலும் ஐம்பது பேரைச் சேர்த்தாலும், அந்த ஆண்டுக் குழுவுக்கான கூடுதல் செலவு இருபத்து நான்கு லட்சம்தான். உதவி வாழ்நாள் முழுதும் தொடர்வதால் ஆண்டுக்கு ஆண்டு இது சேர்ந்துகொண்டே போகும் என்பது உண்மை. பத்து ஆண்டுகளில், சேர்ந்தவர்கள் எல்லாரும் நலமாக இருந்தாலும், கூடுதல் செலவு ஆண்டுக்கு இரண்டரைக் கோடியை எட்டாது. மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இது சுமையென்று சொல்லக்கூடிய தொகை அன்று.

எண்ணிக்கை வரம்பைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கும்போது, தகுதியுள்ள எல்லாருக்கும் கிடைக்காது என்பது இயல்பே. ஆனால் கிடைக்காதவருக்குக் காரணம் தெரிய வேண்டும். தகுதி இல்லை என்பதும், தகுதி உண்டு ஆனால் இடம் இல்லை என்பதும் வேறு வேறு. இரண்டாவது வகையினரின் விண்ணப்பத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் சென்றால், முதியவர் மீண்டும் இ-சேவை மையத்திலிருந்து தொடங்க வேண்டியிராது. எழுபது வயதில் ஓர் ஆண்டு என்பது சிறிய காலம் அன்று.

விண்ணப்பிக்க எண்ணும் மூத்தவர்களுக்கும் அவர்களுக்கு உதவும் பிள்ளைகளுக்கும் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். அறிவிப்பு வந்த பிறகு வருமானச் சான்றுக்கு ஓட வேண்டாம். கடைசி நாளுக்கு முந்தைய வாரங்களில் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். முன்கூட்டியே சான்று பெற்று, அதில் யாருடைய வருமானம் எழுதப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மகனின் சம்பளம் சேர்ந்து வரம்பைத் தாண்டியிருந்தால், குடும்பத்தைப் பிரித்து எழுதுவதற்கு முன், உங்கள் சொந்த வருவாயையும் துணையின் வருவாயையும் தனியே குறிப்பிட்டு வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். அதன் ஒரு படியை விண்ணப்பத்தோடு இணையுங்கள். ஏற்கப்படும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் அப்படிப் பத்து முறையீடுகள் கோப்பில் சேர்ந்தால், கேள்வி தவறாகக் கேட்கப்படுகிறது என்பதை யாராவது ஓர் அலுவலர் கவனிப்பார்.

நண்பர் இந்த வழியில் மீண்டும் முயல ஒப்புக்கொண்டிருக்கிறார். முறையீட்டின் வரைவை நான் எழுதினேன். அவர் அதில் மூன்று ஒற்றுப் பிழைகளைத் திருத்தித் தந்தார். குடும்ப அட்டையில் இன்னும் ஐந்து பெயர்களும் இருக்கின்றன.